பின்சுவருக்கு வந்த லிங்கோத்பவர்

சிவன் கோயிலில் கருவறையை வலம் வரும்போது தெற்கே தட்சிணாமூர்த்தி முன் நின்று கும்பிடுகிறோம். வடக்கே துர்க்கைக்கு விளக்கேற்றுகிறோம். இரண்டுக்கும் நடுவே, மூலவரின் முதுகுப்பக்கச் சுவரில் ஒருவர் நிற்கிறார். அவரைப் பெரும்பாலோர் நடந்தபடியே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு தூண், தூணின் நடுவே நீள்வட்டமாக ஒரு பிளவு, பிளவுக்குள் நான்கு கைகளோடு சிவன். அவருக்குப் பாதம் இல்லை, முடியின் உச்சியும் இல்லை. மேலே ஓர் அன்னம், கீழே ஒரு பன்றி. இவர்தான் லிங்கோத்பவர்.

கோயில் சுவரைப் படிக்கப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இவரைத்தான். சுவரில் கதைச் சிற்பம் எது, வழிபாட்டு உருவம் எது, காவலர் யார், யாருக்கு ஏன் அந்த இடம் என்று கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் இவர் வந்த வழியில் விடை கிடைக்கிறது. பாட்டில் பிறந்து, கதைச் சிற்பமாகக் கல்லுக்கு வந்து, பிறகு வழிபடும் உருவமாகி, கடைசியில் பின்சுவரில் நிலைத்தவர் இவர்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரமனுக்கும் திருமாலுக்கும் யார் பெரியவர் என்ற போட்டி. அவர்கள் நடுவே முடிவில்லாத நெருப்புத் தூண் ஒன்று எழுந்தது. பிரமன் அன்னமாகி முடியைத் தேடிப் பறந்தான். திருமால் பன்றியாகி அடியைத் தேடி மண்ணைத் தோண்டினார். இருவருக்கும் எட்டவில்லை. திருவண்ணாமலை மலையே அந்தத் தூண் என்பது தலபுராணம்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இந்தக் கதையைத் தம் பதிகங்களின் அமைப்புக்குள்ளேயே வைத்துவிட்டார். பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாட்டு இராவணன் மலையைப் பெயர்த்ததைச் சொல்லும். ஒன்பதாம் பாட்டு அயனும் மாலும் தேடிக் காணாததைச் சொல்லும். பத்தாம் பாட்டில் சமணரும் சாக்கியரும் வருவார்கள். எந்த ஊருக்குப் போய்ப் பாடினாலும் ஒன்பதாம் இடம் இந்தக் கதைக்கு. சிற்பி உளி எடுக்கும் முன்பே, ஊர் ஊராக மக்கள் காதில் விழுந்து பழகிய கதை இது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் கதைக்கு ஒரு நிலையான இடம் கிடைத்தது போலவே, பின்னால் சுவரிலும் அதற்கு ஒரு நிலையான இடம் கிடைக்கப்போகிறது.

கல்லில் செதுக்கும்போது ஒரு சிக்கல் எழுந்தது. முடிவில்லாத தூண் என்று பாடிவிடலாம். ஆறடி உயரக் கல்லில் முடிவில்லாததை எப்படிக் காட்டுவது? கல்லுக்கு மேலும் கீழும் விளிம்பு உண்டு. சிற்பிகள் கண்ட வழி எளிமையானது. தூணை முழுதாகக் காட்டினார்கள். உள்ளே நிற்கும் சிவனைக் குறைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே கால்கள் தூணுக்குள் மறைகின்றன, சடைமுடியின் உச்சி மேலே மறைகிறது. அடியும் முடியும் காணவில்லை என்ற சொல்லை அப்படியே உடம்பில் செய்துவிட்டார்கள். அன்னமும் பன்றியும் சிதைந்துபோன சிற்பத்தில்கூட இந்த மறைந்த பாதத்தை வைத்து அவரை அடையாளம் காணலாம். அவர் கையில் இருப்பவை பெரும்பாலும் மழுவும் மானும். முன்வலக்கை அபயம் காட்டும், முன்னிடக்கை இடுப்பிலோ தொடையிலோ இருக்கும். இதே கைகள் சந்திரசேகரருக்கும் உண்டு. சந்திரசேகரர் பீடத்தில் பாதம் ஊன்றி நிற்பார், இவருக்குப் பாதமே தெரியாது. ஆயுதத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

தமிழ்நாட்டில் இவரது பழைய இருப்பிடங்களில் ஒன்று காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் கட்டியது. அங்கே சுவரில் வெற்றிடம் என்பதே அரிது. மணற்கல் சுவர் முழுதும் சிவனின் கதைகள் நெருங்கி நிற்கின்றன, அவற்றுள் ஒன்றாக இவரும் பல கைகளோடு நிற்கிறார். திருமயத்தில் குன்றைக் குடைந்த சிவன் கோயிலுக்குள் போனால், கருவறைக்கு எதிர்ச்சுவரில் பேருருவமாக இவரைக் காணலாம். கருவறைக்குள் இலிங்கம், அதன் எதிரே இலிங்கத்தின் கதை. தமிழ் நிலத்துக்கு வெளியிலும் இவர் உண்டு. எல்லோராவின் 15-ஆம் குகையில், இராட்டிரகூட அரசன் தந்திதுர்க்கனின் கல்வெட்டு உள்ள அதே இடத்தில், இந்தக் காட்சி பெரிய சிற்பமாக இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் அவர் ஒரு கதைச் சிற்பத்தின் நாயகர். பக்கத்தில் வேறு கதை இருக்கலாம், எதிரே இன்னொன்று இருக்கலாம். எந்தத் திசை என்பது இன்னும் உறுதியாகவில்லை.

கதைச் சிற்பத்தையும் வழிபாட்டு உருவத்தையும் பிரித்தறிய நான் பயன்படுத்தும் முதல் சோதனை பார்வைதான். கதைச் சிற்பத்தில் உருவங்கள் ஒன்றையொன்று பார்க்கும். அம்பு விடுபவன் இலக்கைப் பார்ப்பான், அடி வாங்குபவன் அடிப்பவனைப் பார்ப்பான். நாம் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. வழிபாட்டு உருவம் நேராக நிமிர்ந்து நம்மைப் பார்க்கும். இந்தச் சோதனையும் எல்லா இடத்திலும் செல்லாது. காலனை உதைக்கும் சிவன் பெரிய கோட்டத்தில் தனியே நின்றாலும் உடம்பு கதையில்தான் இருக்கும். ஆனாலும் தொடங்குவதற்கு இது போதும். லிங்கோத்பவரிடம் இரண்டும் ஒரே கல்லில் சேர்ந்திருக்கின்றன. அன்னம் மேலே பறப்பதிலும் பன்றி கீழே தோண்டுவதிலும் மும்முரமாக இருக்கின்றன; அவை கதையில் இருக்கின்றன. நடுவில் உள்ளவர் கதையை விட்டு வெளியே நம்மைப் பார்த்து அபயம் காட்டுகிறார். கதைச் சிற்பமாகத் தொடங்கியவர் வழிபாட்டு உருவமாக மாறியதற்கு அடையாளம் இந்தப் பார்வைதான்.

இனி சோழ நாட்டுக்கு வருவோம். முதலாம் ஆதித்தன் (871–907) காலத்தில் காவிரிக் கரையில் கற்றளிகள் எழுந்தபோது சுவரின் அமைப்பே மாறியது. பல்லவர் நிறைத்து வைத்த சுவரைச் சோழர் காலியாக்கினார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே ஒரு கோட்டம், இருபுறமும் அரைத்தூண்கள், மேலே மகரதோரணம். மீதிச் சுவர் பெரிதும் வெறுமை. கோட்டம் என்பது சுவரில் குடைந்த மாடம். அதை ஒரு குட்டிக் கோயிலாகவே அமைத்திருப்பார்கள். உருவம் குறைந்ததால் இடத்துக்கு மதிப்பு ஏறியது. நூறு பேர் நிற்கும் சுவரில் யார் எங்கே நிற்கிறார் என்பது பெரிதில்லை. மூன்று பேர் மட்டும் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் ‘ஏன் இங்கே’ என்ற கேள்வி வந்துவிடுகிறது.

தெற்குக்கு விடை முன்பே தயாராக இருந்தது. தென்முகம் நோக்கி ஆலமரத்தடியில் அமர்ந்து ஞானம் சொல்லும் தட்சிணாமூர்த்திக்கு அந்தச் சுவர். வடக்கே பிரமன் அமைந்தார். மேற்குக்கு மட்டும் போட்டி இருந்தது. கும்பகோணம் நாகேசுவரர் கோயிலில் மேற்குக் கோட்டத்தில் நிற்பவர் அர்த்தநாரீசுவரர். ஆரம்பகாலச் சோழர் தளிகளில் சில இடங்களில் திருமாலும், சில இடங்களில் பாதி சிவனும் பாதி மாலுமான உருவமும் அந்த மாடத்தில் நின்றதுண்டு. நாகேசுவரர் கோயிலில் கோட்டங்களுக்கு இடையே ஆண்களும் பெண்களுமாகச் சில எழிலான உருவங்கள் நிற்கின்றன. இரண்டே கை, ஆயுதம் இல்லை, வாகனம் இல்லை. அவர்கள் தெய்வங்கள் இல்லை, மனிதர்கள். அரச குடும்பத்தினரா, வேறு யாருமா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். சுவரில் நிற்பவர் எல்லாரும் சாமி என்று கும்பிட்டுப் போகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

லிங்கோத்பவர் மேற்குக் கோட்டத்தில் அமர்த்தலாக நிற்பதைப் பார்க்க, நான் பரிந்துரைப்பது புள்ளமங்கை. தஞ்சாவூர் – கும்பகோணம் சாலையில் பசுபதிகோயிலுக்கு அருகில் இருக்கும் ஊர். சம்பந்தர் ஆலந்துறை என்று பாடிய தலம். இன்றுள்ள கற்கோயில் முதலாம் பராந்தகன் (907–955) காலத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. சிறிய விமானம்தான். ஆனால் சுவர் படிக்கப் பழகுகிறவருக்கு ஒரு முழுப் பாடம் அதில் இருக்கிறது. அங்கே ஒருமுறை சுற்றி வருவோம்.

கோயில் கிழக்கு நோக்கியது. எந்தக் கோயிலிலும் முதலில் செய்யவேண்டியது இதைத் தெரிந்துகொள்வதுதான். வாசல் எந்தத் திசை என்று தெரியாமல் கோட்டத்தைப் படிக்க முடியாது. வாசலில் துவாரபாலகர்களைப் பாருங்கள். சோழ நாட்டில் இவர்களுக்குக் கோரைப்பல் இருக்கும், கையில் கதாயுதம் இருக்கும். ஒரு கை ஆள்காட்டி விரலை நீட்டி எச்சரிக்கும், ஒரு கை உள்ளே இருப்பவரைச் சுட்டும், ஒரு கை வியப்பில் உயரும். இவர்கள் தங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உள்ளே இருப்பவரின் பெருமையையே சொல்கிறார்கள். காவலர் நிற்கும் இடத்தில் வாசல் உண்டு என்பது பொது விதி. பழைய கோயில்கள் சிலவற்றில் ஒரு காவலரின் தலைக்குப் பின்னே கொம்பு போல இரண்டு முனைகள் நீண்டிருக்கும், மற்றவர் முடியில் மழுவின் விளிம்பு தெரியும். அவர்கள் சிவனுடைய சூலமும் மழுவும் ஆள் வடிவில் வந்தவர்கள் என்று அறிஞர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள்.

அங்கிருந்து வலம் வரத் தொடங்கினால் தெற்குப் பக்கம். முன்மண்டபச் சுவரில் பிள்ளையார், சுற்றிலும் அவருடைய பூதகணங்கள். அடுத்து, விமானத்தின் தென்சுவர் தட்சிணாமூர்த்திக்கு உரியது. காலடியில் முயலகன் கிடப்பதும், அருகில் முனிவர்கள் அமர்ந்து கேட்பதும் அவருக்கு எங்கும் உரிய அடையாளங்கள். இவரை வியாழக்கிழமைதோறும் குருபகவானாக எண்ணிக் கொண்டைக்கடலை மாலை சாத்தும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. குரு என்ற கிரகத்துக்கு நவக்கிரக வரிசையில் தனி உருவம் உண்டு. கோட்டத்தில் இருப்பவர் சிவன். அவரைச் சிவனாகவே பார்ப்பதுதான் சரி.

மேற்கே திரும்பினால் நம் நாயகர். தோரணத்துக்குக் கீழே, அளவாக, மாடத்தை நிறைத்து நிற்கிறார். அவசரப்படாமல் மேலிருந்து கீழாகப் படியுங்கள். முதலில் தோரணம். புள்ளமங்கையில் தோரணங்கள் மிக நுண்மையானவை. அவற்றின் நடு வட்டத்துக்குள் ஒரு சிறு உருவம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தூணின் உச்சி, அன்னம், மறைந்த முடி. பிறகு கைகள். பிறகு மறையும் கால்கள். கடைசியில் பன்றி. பன்றியை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி செதுக்கவில்லை. சில இடங்களில் முழுப் பன்றி. சில இடங்களில் பன்றி முகமும் மனித உடம்புமாய்க் கைகளால் தோண்டும் உருவம். அன்னமும் அப்படித்தான், ஓரிடத்தில் பறவை, ஓரிடத்தில் இறக்கை முளைத்த பிரமன்.

இப்போது கண்ணை இன்னும் கீழே இறக்குங்கள். கோட்டத்துக்குக் கீழே, அரைத்தூண்களின் அடியில் வரிசையாகச் சிறு சதுரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சாண். அவற்றுக்குள் இராமாயணம் நடக்கிறது, சிவனின் லீலைகள் நடக்கின்றன. மேலே உள்ள கோட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்கிறவர்களுக்கு இவை கண்ணில் படுவதே இல்லை. குனிய வேண்டும், சில இடங்களில் உட்கார வேண்டும். இத்தகைய தொடர்கதைச் சிற்பங்களைப் பெரும்பாலும் நாம் வலம் வரும் திசையிலேயே வரிசைப்படுத்தியிருப்பார்கள். நடந்தால் கதை நகரும். சுவரின் அடுக்கு இப்படித்தான் அமைகிறது. அடியில் யாளி வரிசையும் கதைச் சதுரங்களும், கண்மட்டத்தில் கோட்டத்துத் தெய்வம், மேலே கொடுங்கைக்குக் கீழே ஆடியும் பாடியும் நெருக்கியடித்து நிற்கும் பூதவரி. லிங்கோத்பவர் ஒருகாலத்தில் கதைச் சிற்பமாக இருந்தவர். அவர் கண்மட்டத்துக்கு ஏறிவிட்டார். இராமன் கதை அடியிலேயே இருக்கிறது. சிவன் கோயிலில் எது வழிபாட்டுக்குரியது, எது சொல்லிக் கேட்பதற்குரியது என்ற தேர்வு அந்த உயர வேறுபாட்டிலேயே தெரிகிறது.

வடக்கே பிரமன். நான்கு முகத்தில் மூன்றுதான் தெரியும், நான்காவது கல்லுக்குள் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். தனிக்கோயில் அரிதாகக் கிடைத்த அவருக்குச் சிவன் கோயிலின் வடசுவரில் உறுதியான இடம் கிடைத்தது. வடசுவரின் அடியில்தான் கருவறைத் திருமஞ்சன நீர் வெளிவரும் கோமுகை. அதன் அருகே தனிச் சிற்றாலயத்தில் சண்டிகேசுவரர் அமர்வது வழக்கம். வடக்கு முன்மண்டபச் சுவரில் துர்க்கை எருமைத் தலைமேல் நிற்கிறாள், தலைக்கு மேல் குடை, பக்கங்களில் சிங்கமும் மானும். இருபுறமும் வீரர்கள் தம் உடலையே பலி தருகிறார்கள். புள்ளமங்கைத் துர்க்கையை நான் சோழச் சிற்பத்தின் உச்சங்களில் ஒன்றாகவே வைப்பேன். அவளை ஒருமுறை பார்த்தவர், எருமைத் தலை என்ற ஒரே அடையாளத்தை வைத்து எந்த ஊரிலும் துர்க்கையைக் கண்டுபிடித்துவிடுவார்.

பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய காலத்தில், முன்மண்டபச் சுவர் நீண்டது. ஆடவல்லானும் அகத்தியரும் பிச்சாடனரும் புதிய கோட்டங்களுக்கு வந்தார்கள். பக்கங்களில் கூட்டம் சேர்ந்தபோதும் பின்சுவரில் ஒரே கோட்டம்தான். மேற்கில் யார் என்ற போட்டியும் ஏறக்குறைய அதோடு முடிந்தது. அங்கே லிங்கோத்பவர் நிலைத்துவிட்டார்.

அவர்தான் ஏன் வென்றார்? நான் எண்ணுவது இது. பின்சுவர் கருவறை இலிங்கத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது. வாசல், இலிங்கம், பின்கோட்டம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வருகின்றன. உள்ளே வடிவமில்லாத இலிங்கம். வெளியே அதே இலிங்கம் பிளந்து வடிவம் காட்டுகிறது. கருவறைக்குள் போகமுடியாதவர்கள், வலம் வரும்போது அந்த இடத்தில்தான் மூலவருக்கு மிக அருகில் வருகிறார்கள். நடுவே இருப்பது ஒரு சுவர் மட்டுமே. திருமயத்துக் குகையில் கருவறைக்கு எதிரே நின்றவர், கட்டுமானக் கோயிலில் கருவறைக்குப் பின்னே வந்தார். இரண்டிலும் அவர் இலிங்கத்தோடு ஒரே கோட்டில் நிற்பதை விடவில்லை. அர்த்தநாரிக்கோ திருமாலுக்கோ இந்தப் பொருத்தம் கிடையாது.

இதற்கு ஒரு சான்று மேற்கு நோக்கிய கோயில்களில் இருக்கிறது. அங்கே பின்சுவர் கிழக்கே வரும். தட்சிணாமூர்த்தி அப்போதும் தெற்கை விட மாட்டார்; அவர் திசைக்குக் கட்டுப்பட்டவர். லிங்கோத்பவரோ பெரும்பாலும் கிழக்குப் பின்சுவருக்குப் போய்விடுவார். அவர் கட்டுப்பட்டது மேற்குத் திசைக்கு இல்லை, இலிங்கத்தின் முதுகுக்கு. ‘மேற்குக் கோட்டம் லிங்கோத்பவருக்கு’ என்று மனப்பாடம் செய்தவர்கள் அத்தகைய கோயிலில் குழம்புவது இதனால்தான்.

பெருங்கோயில்கள் எழுந்தபோது அவருடைய தனிமை போயிற்று. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில் சுவர் இரண்டு தளமாக உயர்ந்தது. தென்சுவரிலேயே தட்சிணாமூர்த்தியோடு பிச்சாடனரும் காலாந்தகரும் நடேசரும் வரிசை நிற்கிறார்கள். மேல்தளக் கோட்டங்களில் திரிபுரம் எரித்த சிவனே திரும்பத் திரும்ப வருகிறார். வில்லேந்திய வெற்றிவீரனை அத்தனை முறை காட்டியதில் இராசராசனின் அரசியல் இருக்கிறது என்று கருத இடமுண்டு. இங்கே துவாரபாலகர்கள் வாசலில் மட்டும் இல்லை. வாசலே இல்லாத பக்கச் சுவர்களின் நடுவிலும் இருபுறமும் நிற்கிறார்கள். நடுத் திறப்பை ஒரு வாசலாகக் கருதிக் கட்டியதால் அங்கும் காவல். அந்தக் காவலரின் கதாயுதத்தில் சுற்றிய பாம்பு ஒன்று யானையை விழுங்குவதைத் தேடிப் பாருங்கள். யானை அவ்வளவு சிறிதென்றால் பாம்பு எவ்வளவு பெரிது, பாம்பு சுற்றிய கதாயுதத்தைப் பிடித்த காவலர் எவ்வளவு பெரியவர், அவர் காக்கும் இறைவன் எவ்வளவு பெரியவர் என்று கணக்கு உள்ளே போகிறது.

இராசேந்திரனின் கங்கைகொண்டசோழபுரத்தில் மேற்குச் சுவரில் லிங்கோத்பவர் இருக்கிறார், ஆனால் தனியாக இல்லை. கங்காதரர், தேவியரோடு திருமால், முருகன் என்று அக்கம்பக்கம் நிறைந்துவிட்டது. இத்தகைய சுவரில் புதியவர்கள் திகைப்பது இயல்பு. வழி ஒன்றுதான். புள்ளமங்கையில் கண்ட மூவரை முதலில் கண்டுபிடியுங்கள்: தெற்கில் தட்சிணாமூர்த்தி, பின்னே லிங்கோத்பவர், வடக்கே பிரமன். இவர்கள் பழைய குடிகள். மற்றவர்கள் இடம் கூடியதால் பின்னால் வந்து குடியேறியவர்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் கட்டிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் அவர் மெருகேறிய கருங்கல்லில், சுற்றுச் சுவரின் நிறத்திலிருந்து விலகி, கறுத்துப் பளபளக்க நிற்கிறார். தோற்ற பிரமனும் மாலும் வணங்கும் கோலத்தில் இருபுறமும் வந்துவிட்டார்கள். கதை நடந்து முடிந்த பிறகான காட்சி அது. அதே விமானத்தின் அடியில் நாயன்மார் வரலாறு சிறு சிற்பங்களாக, பெயர் பொறித்த கல்வெட்டுகளோடு ஓடுகிறது. பெரியபுராணம் எழுந்து அதிக காலம் ஆகாத நேரம். புள்ளமங்கையில் இராமாயணம் இருந்த அடிவரிசையை இங்கே அடியார் கதை எடுத்துக்கொண்டது.

விசயநகர, நாயக்கர் காலங்களில் அவர் சுவரை விட்டுத் தூணுக்கும் இறங்கினார். மண்டபத் தூண்களின் சதுரப் பரப்பில், ஒரு முழத்துக்குள் அடங்கிய லிங்கோத்பவர்களைப் பல ஊர்களில் காணலாம். அங்கே அவருக்குத் திசையும் இல்லை, கோட்டமும் இல்லை. தூணில் இருப்பதைக் கொண்டு கோயிலின் ஒழுங்கைப் படிக்க முயலாதீர்கள். தூண் சிற்பங்கள் பெரும்பாலும் உதிரிகள்.

சிலர் ஊரையே விட்டுப் போனார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் கி.பி. 900-ஐ ஒட்டிய சோழர் காலத்து லிங்கோத்பவர் ஒருவர் நிற்கிறார். நல்ல வெளிச்சம், நல்ல பாதுகாப்பு. ஆனால் அவருக்குப் பின்னே கருவறை இல்லை, இடப்பக்கம் தட்சிணாமூர்த்தி இல்லை, காலடியில் கதைச் சதுரங்கள் இல்லை. அவர் யார் என்று பெயர்ப்பலகை சொல்லும். அவர் எங்கே நின்றார், யாருடைய முதுகைக் காத்தார் என்பதைச் சுவர்தான் சொல்ல முடியும். அந்தச் சுவர் அங்கே இல்லை. இதை இழப்பு என்றே நான் சொல்வேன்.

ஊரிலேயே இருப்பவர்களும் எல்லோரும் பழையவர்கள் இல்லை. கோட்டத்து உருவங்கள் பல, தனிக் கல்லில் செய்து மாடத்துக்குள் நிறுத்தியவை. அதனால் எடுக்கவும் முடிந்தது, மாற்றவும் முடிந்தது. திருப்பணிகளில் பழைய கல் உடைந்திருந்தால் புதியது வைத்திருக்கிறார்கள். கண்டுபிடிக்கும் வழி உண்டு. உருவம் மாடத்தை நிறைக்கிறதா, பக்கத்தில் இடைவெளி விட்டுக் குட்டையாக நிற்கிறதா? உருவத்துக்கும் மாடத்துக்கும் நடுவே சிமென்ட் தெரிகிறதா? தோரணம் மழுங்கித் தேய்ந்திருக்க, உருவத்தின் மூக்கும் நகையும் மட்டும் நேற்றுச் செதுக்கியது போல் கூர்மையாக இருக்கின்றனவா? இவற்றுள் இரண்டு பொருந்தினால் அது பிற்கால உருவமாக இருக்க வாய்ப்பு அதிகம். கல்லின் நிறம் வேறு என்பதை மட்டும் நம்பவேண்டாம். தாராசுரத்தில் அது சிற்பியே விரும்பிச் செய்தது.

மணலை அழுத்தத்தில் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்யும் முறை பல கோயில்களில் கல்வெட்டு எழுத்தையும் சிற்பத்தின் முகத்தையும் தேய்த்துவிட்டது. தமிழக அரசு அதைத் தடை செய்துவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கும் விபூதியும் மட்டும் நிற்கவில்லை. தெற்கும் வடக்கும் கூட்டத்தின் கைபட்டுக் கறுத்துக் கிடக்கின்றன. கூட்டம் நிற்காததாலேயே பின்சுவர் பல ஊர்களில் ஓரளவு தெளிவாக இருக்கிறது. அங்கே வேறொரு கேடு உண்டு. மாடத்தின் தரையைச் சிமென்ட் போட்டு உயர்த்தியதில் பன்றி பாதி புதைந்திருக்கும். பன்றி இல்லையே என்று உருவத்தைச் சந்தேகிக்கும் முன் தரையைப் பாருங்கள்.

மகா சிவராத்திரியில் நள்ளிரவை ஒட்டிய வேளைக்கு லிங்கோத்பவ காலம் என்றே பெயர். ஆண்டு முழுதும் கடந்துபோகிறவர்கள் அன்று அவர் முன் நிற்பார்கள், அபிடேகம் நடக்கும். அடுத்த சிவராத்திரி வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்கு ஒரு பகலில், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். வாசல் திசையைக் குறித்துக்கொண்டு வலமாகச் சுற்றுங்கள். பின்சுவரில் நின்று பாதம் மறைந்திருக்கிறதா, அன்னம் எங்கே, பன்றி எங்கே என்று பாருங்கள். பிறகு குனிந்து அடிவரிசையைப் பாருங்கள். அங்கே கற்பூரம் ஏற்றாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். கையால் தொடாமலே கும்பிடுங்கள்.